மழையில வேலைக்குப் போக முடியல, சம்பளத்தைப் பிடிச்சிட்டாங்க: ஒரு பே ஸ்லிப்பை வரி வரியா பார்ப்போம்

கேள்வி: மேடம், நான் மேற்கு தாம்பரம் பக்கம் இருக்கேன். தி.நகர்ல ஒரு வீட்டு உபயோகப் பொருள் ஷோரூம்ல மூணு வருஷமா பில்லிங் வேலை. மாசம் 18,200. டிசம்பர் முதல் வாரம் மழைல எங்க தெருவுல முட்டிக்கு மேல தண்ணி. திங்கள், புதன் ரெண்டு நாளும் போக முடியல, காலைலயே சூப்பர்வைசருக்கு போட்டோவோட வாட்ஸ்அப் போட்டேன். செவ்வாய் எனக்கு வீக் ஆஃப். வியாழன் எப்படியோ டைமுக்குப் போயிட்டேன், ஆனா பேஸ்மென்ட்ல தண்ணி, கரண்ட் இல்லன்னு மதியமே எல்லாரையும் அனுப்பிட்டாங்க. இப்ப ஸ்லிப்ல எல்.ஓ.பி. மூணரை நாள்னு 2,123 ரூபா, தகவல் இல்லாத லீவுன்னு ஃபைன் 300, அட்டென்டன்ஸ் இன்சென்டிவ் 1,000 கிடையாது. சி.எல். அஞ்சு நாள் பாக்கி இருக்கு, முன்னாடியே அப்ளை பண்ணலன்னு எச்.ஆர். ஒத்துக்கல. கலெக்டரே லீவு விட்ட நாளுக்கு எப்படி மேடம் பிடிக்கலாம்? என் தம்பி ஒரகடத்துல ஒரு ஃபேக்டரில பர்மனென்ட். முன்னாடி பஸ் ஸ்ட்ரைக் அன்னிக்கு அவங்க நாப்பது பேர் வரலன்னு எட்டு நாள் சம்பளம் பிடிப்போம்னு நோட்டீஸ் ஒட்டினாங்களாம். அதுவும் சரியா? கேள்வி கேட்டா வேலைய விட்டு எடுத்துருவாங்களோன்னு பயமா இருக்கு. (பெயர் வேண்டாம்)

பதில்: முதல்ல உங்களுக்குப் பிடிக்காத ஒண்ணைச் சொல்லிடுறேன், அப்பறம் உங்க பக்கம் இருக்கறதுக்கு வர்றேன். வெள்ள லீவு, புயல் லீவுன்னு சம்பளத்தோட ஒரு லீவு நம்ம சட்டத்துல கிடையாது. தண்ணியால வர முடியலன்னா அது உங்க தப்பில்ல, ஆனா முதலாளி தப்பும் இல்லன்னுதான் சட்டம் பாக்குது, வேலை செய்யாத நேரத்துக்குச் சம்பளம் பிடிக்க அவருக்கு வழி இருக்கு. ஆனா எவ்வளவு பிடிக்கலாம், எதுக்கெல்லாம் பிடிக்கக்கூடாதுங்கறதுல சட்டம் ரொம்பக் கறார். உங்க ஸ்லிப்ல அந்தக் கோட்டைத் தாண்டித்தான் போயிருக்காங்க.

கலெக்டர் விட்ட லீவு யாருக்கு

மழை நாள்ல காலைல டிவில ஓடுற லீவு அறிவிப்பு பெரும்பாலும் பள்ளி, கல்லூரிகளுக்குத்தான். உங்க கடைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அதைவிடப் பெருசா அரசே பொது விடுமுறை விட்டாலும் தனியார் கடைல அது தானா சம்பள லீவா ஆகிடாது. 2023 டிசம்பர் 4 மிக்ஜாம் புயலுக்கு சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு நாலு மாவட்டத்துக்கும் பொது விடுமுறை விட்டாங்க ஞாபகம் இருக்கா, அப்பக்கூட தனியார் கம்பெனிகள்கிட்ட முடிஞ்சவரை வீட்ல இருந்து வேலை பாக்க விடுங்கன்னு கேட்டுக்கிட்டாங்களே தவிர சம்பளம் குடுத்தே ஆகணும்னு உத்தரவு இல்ல. தனியார்ல கட்டாயமா சம்பளத்தோட விட வேண்டிய நாள் எதுன்னா, தேசிய பண்டிகை விடுமுறைச் சட்டம் 1958 சொல்ற ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, அதோட அஞ்சு பண்டிகை நாள். மழை அந்த லிஸ்ட்ல இல்ல.

கொரோனா நேரத்துல எல்லாருக்கும் சம்பளம் குடுக்கச் சொன்னாங்களேன்னு நிறைய பேர் கேக்குறாங்க. ஆமா, 2020 மார்ச் 29ல மத்திய உள்துறை பேரிடர் மேலாண்மைச் சட்டத்தைக் காட்டி பிடித்தம் இல்லாம சம்பளம் குடுங்கன்னு உத்தரவு போட்டுச்சு. அதை மே மாசமே விலக்கிக்கிட்டாங்க, ஜூன் 12ல சுப்ரீம் கோர்ட் ரெண்டு தரப்பும் பேசித் தீத்துக்கோங்கன்னு அனுப்பிடுச்சு. அவ்வளவு வெளிப்படையான உத்தரவுக்கே அந்த நிலைமைன்னா, ஸ்கூல் லீவு அறிவிப்பை எச்.ஆர். மேஜைல வெச்சு வாதாடி ஜெயிக்க முடியாது. அதனால அந்தப் பாயின்டை விட்ருங்க, உங்ககிட்ட அதைவிட நல்லதெல்லாம் இருக்கு.

திங்களும் புதனும்: சி.எல். எதுக்கு இருக்கு

நீங்க வேலை பாக்குறது கடை, அதனால தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947 உங்களுக்குப் பொருந்தும். அதுல 25வது பிரிவு வருஷத்துக்கு 12 நாள் சம்பளத்தோட கேஷுவல் லீவு குடுக்குது, எதுக்காகன்னா நியாயமான எந்தக் காரணத்துக்காகவும். முட்டிக்கு மேல தண்ணி நின்னா அது நியாயமான காரணம் இல்லன்னு எந்த ஆபீசர் முன்னாடியும் யாரும் நின்னு சொல்ல மாட்டாங்க.

முன்னாடியே அப்ளை பண்ணணும்ங்கறது கம்பெனி வெச்சுக்கிட்ட நடைமுறை, கல்யாணத்துக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் அது சரி. ராத்திரி ஏறுன தண்ணிக்கு முந்தாநாளே எப்படி அப்ளை பண்ணுவீங்க? சட்டம் குடுத்த லீவை நடைமுறைய காட்டி இல்லாம ஆக்க முடியாது. அதோட நீங்க சும்மா இருக்கல, ஷிஃப்ட் தொடங்குறதுக்கு முன்னாடியே மெசேஜ் போட்டிருக்கீங்க, சூப்பர்வைசருக்கு அது போய்ச் சேர்ந்து ரெண்டு டிக் விழுந்திருக்கும், நீலமாவும் ஆகியிருக்கும். தகவல் இல்லாத லீவுன்னு அவங்க எழுதுனதுக்கு இதுவே பதில். ஆக பாக்கி இருக்கற அஞ்சு சி.எல்.ல ரெண்டைக் கழிச்சுட்டா இந்த ரெண்டு நாளுக்கும் பிடித்தமே இருக்கக்கூடாது. இதை படிக்கிற மத்தவங்களுக்கு ஒண்ணு, சி.எல். எல்லாத்தையும் ஆகஸ்ட்லயே தீத்துட்டு நவம்பர் டிசம்பர்ல கையப் பிசையறவங்கதான் என்கிட்ட அதிகம் வர்றாங்க. சென்னைல இருந்துட்டு வடகிழக்குப் பருவமழைக்கு ரெண்டு நாளாவது எடுத்து வைக்காம இருக்காதீங்க.

இன்னொன்னும் விசாரிங்க. அந்தத் திங்கக்கிழமை கடை எத்தனை மணிக்குத் தொறந்தாங்க? நீங்க பில்லிங்ல இருக்கறதால இது உங்களுக்கு ஈஸி, அன்னிக்கு முதல் பில் எத்தனை மணிக்குப் போட்டிருக்குன்னு கவுன்டர்ல இருந்தவங்களுக்குத் தெரியும். மதியம் ரெண்டு மணிக்குத்தான் ஷட்டரைத் தூக்கினாங்கன்னா, பதினோரு மணிலருந்து ரெண்டு மணி வரைக்கும் உங்களுக்குக் குடுக்க அங்க வேலையே இல்ல, அந்த நேரத்துக்கும் சேர்த்து நீங்க வரலன்னு எழுதறது சரியில்லன்னு கேக்க இடம் இருக்கு. நாள் முழுக்கத் தொறக்கவே இல்லன்னா கேள்வியே வேற, வராதது நீங்க இல்ல, கடை.

செவ்வாய்க்கிழமை: சாண்ட்விச் கணக்கு

இதுதான் எனக்குக் கோபம் வர்ற இடம். ரெண்டு பக்கமும் லீவு போட்டா நடுவுல வர்ற வீக் ஆஃபையும் சேர்த்து முழுங்கிடுற பழக்கம் நிறைய கம்பெனில இருக்கு, அதுக்கு சாண்ட்விச்னு பேரு வேற.

2025 நவம்பர் 21லருந்து ஊதியச் சட்டத் தொகுப்பு 2019 நடைமுறைக்கு வந்துடுச்சு, பழைய 1936ஆம் வருஷத்து சம்பளப் பட்டுவாடாச் சட்டம் அதுக்குள்ள போயிடுச்சு. வராத நாளுக்குப் பிடிக்கிற விதி ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்ணேதான், இப்ப அது 20வது பிரிவு. அது என்ன சொல்லுதுன்னா, அந்த மாசம் நீங்க வேலைக்கு வர வேண்டிய மொத்த நாள்ல எத்தனை பங்கு வரலயோ, சம்பளத்துல அதே பங்குக்கு மேல ஒரு ரூபா பிடிக்கக்கூடாது.

இதை உங்க கணக்குல போடுவோம். டிசம்பர்ல 31 நாள், அதுல அஞ்சு செவ்வாய் உங்க வீக் ஆஃப், ஆக நீங்க வர வேண்டியது 26 நாள். 18,200ஐ 26ஆல வகுத்தா 700. நீங்க வராதது ரெண்டு நாள், அதிகபட்சம் 1,400. அவங்க என்ன பண்ணியிருக்காங்கன்னா 30ஆல வகுத்து, ஒரு நாளைக்கு 606 ரூபா 67 காசுன்னு, திங்கள் செவ்வாய் புதன் மூணு நாளுக்கு 1,820 எடுத்திருக்காங்க. எச்.ஆர்.கிட்ட கேட்டா 30ஆல வகுத்ததால உங்களுக்கு லாபம்தானேம்பாங்க. வகுக்கும்போது வீக் ஆஃபை சம்பள நாளா சேர்த்துக்கிட்டு, பிடிக்கும்போது அதையே வராத நாளா சேர்த்தா எப்படி லாபம் வரும்? 1,820 எங்க, 1,400 எங்க. அதுவுமில்லாம வார விடுமுறைக்கு சம்பளம் பிடிக்கக்கூடாதுன்னு கடைகள் சட்டமே சொல்லுது. செவ்வாய்க்கிழமை உங்களை யாரும் வரச் சொல்லல, வரச் சொல்லாத நாள்ல நீங்க எப்படி வராம இருக்க முடியும்?

வியாழன் அரை நாள்

அந்தப் பிடித்தமே வேலை செய்யற இடத்துல ஆள் இல்லாததுக்குத்தான் அனுமதிச்சிருக்கு. நீங்க டைமுக்குப் போய் பஞ்ச் பண்ணியிருக்கீங்க, திருப்பி அனுப்பினது அவங்க. நீங்களா வேலை பாக்க மாட்டேன்னு எழுந்து போனா ஒரு கதை, வேலை குடுக்க முடியாம அனுப்பினா வேற கதை, சட்டத் தொகுப்போட 10வது பிரிவும் இதே வித்தியாசத்தைத்தான் வெச்சிருக்கு, முதலாளி வேலை குடுக்காததால நேரம் குறைஞ்சா முழு நாள் கூலின்னு. அது தினக்கூலி அடிப்படைல குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயிச்சவங்களுக்கான பிரிவு, மாசச் சம்பளக்காரங்களான நீங்க 20வது பிரிவைச் சொன்னாலே போதும். அந்த 303 ரூபா முழுசா திரும்பி வரணும்.

நீங்க பார்த்திருப்பீங்க, இப்படி அனுப்பும்போது சிலர் ரிஜிஸ்டர்ல பர்மிஷன்னு எழுதி கையெழுத்து வாங்குவாங்க. நீங்களே கேட்டு வீட்டுக்குப் போன மாதிரி ஆகிடும் அது. அன்னிக்கு எதுலயாவது கையெழுத்து போட்டீங்களான்னு யோசிச்சுப் பாருங்க. போட்டிருந்தாலும் பரவால்ல, எல்லாரையும் அனுப்பின மெசேஜ் ஸ்டாஃப் குரூப்ல இருக்கும்ல, அதை எடுத்து வெச்சுக்கோங்க.

ஃபைனும் இன்சென்டிவும்

ஃபைன் 300. சட்டத்துல ஃபைனுக்கு உச்சவரம்பு அந்த மாச ஊதியத்துல 3 சதவீதம், உங்க முழுச் சம்பளத்தையும் எடுத்தாக்கூட 546, அதனால தொகையை வெச்சு மட்டும் தப்புன்னு சொல்ல முடியாது. தப்பு வேற இடத்துல இருக்கு. எந்தெந்தச் செயலுக்கு ஃபைன்னு அரசோட ஒப்புதல் வாங்கி, அதைக் கடைல எல்லாரும் பாக்கற மாதிரி ஒட்டியிருக்கணும், ஃபைன் போடறதுக்கு முன்னாடி உங்க விளக்கத்தைக் கேட்டிருக்கணும், ரிஜிஸ்டர்ல எழுதணும், வர்ற காசைத் தொழிலாளர் நலனுக்குத்தான் செலவு பண்ணணும். இத்தனையும் ஒழுங்கா செய்யற ஷோரூமை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல. இங்க கேக்க வேண்டியது ஒரே கேள்வி, ஃபைன் நோட்டீஸ் எங்க ஒட்டியிருக்கு?

இன்சென்டிவ் 1,000ல மட்டும் ரொம்ப எதிர்பாக்காதீங்க. ஒரு நாள்கூட லீவு போடாதவங்களுக்குன்னு கம்பெனி தானா குடுக்கறதுன்னா அதோட நிபந்தனையும் அவங்களோடதுதான். உங்க ஆஃபர் லெட்டர்ல, இல்ல பாலிசில, சி.எல். எடுத்தா அட்டென்டன்ஸ் குறையாதுன்னு இருக்கான்னு மட்டும் பாருங்க. இருந்தா சி.எல். ஒத்துக்கிட்ட உடனே இதுவும் கூடவே வரும். இல்லன்னா இதுக்காக சண்டை போட வேண்டாம், மத்ததெல்லாம் பலவீனமாகும்.

தம்பியோட எட்டு நாள்

அந்த நோட்டீஸ் சும்மா மிரட்டல்னு நினைச்சேன்னு எழுதல நீங்க, நல்லது, ஏன்னா அப்படி ஒரு விதி நிஜமாவே இருக்கு. பத்துப் பேரோ அதுக்கு மேலயோ தங்களுக்குள்ள பேசி வெச்சுக்கிட்டு, ஒப்பந்தத்துல சொன்ன நோட்டீஸும் குடுக்காம, நியாயமான காரணமும் இல்லாம ஒண்ணா நின்னுட்டா எட்டு நாள் சம்பளம் வரைக்கும் பிடிக்கலாம். இதுல ஒவ்வொரு துண்டும் சேர்ந்தாத்தான் செல்லும். உங்க தம்பி கேஸ்ல ஸ்ட்ரைக் பண்ணினது பஸ் டிரைவர்கள், அவங்க சண்டை அவங்க நிர்வாகத்தோட, நாப்பது பேரும் ஆளுக்கொரு ஸ்டாப்ல பஸ்ஸுக்கு நின்னவங்க. ஒரே நாள்ல வரலங்கறதால மட்டும் கூட்டுச் சேர்ந்து நின்னதா ஆகாது. அதனால அந்த ஒரு நாளுக்கு மட்டும் பிடிக்கலாம், லீவு இருந்தா அதுவும் கூடாது. ஒரு எச்சரிக்கை, அன்னிக்கு அவங்க யூனியனும் ஆதரவுன்னு போஸ்டர் ஒட்டியிருந்தா நிலைமை மாறும், அதை அவர்கிட்ட கேட்டுக்கோங்க. வாடகை வேனோ ஷேர் ஆட்டோவோ பிடிச்சு லேட்டா போனவங்களுக்கு லேட்டான நேரத்துக்கு மட்டும்தான் பிடிக்கலாம்.

இன்னொரு விஷயம் ஃபேக்டரிக்காரங்களுக்கு மட்டும். வெள்ளத்தால ஃபேக்டரியே ஓட்ட முடியலன்னு மூடினா அதுக்கு லே ஆஃப்னு பேரு, இயற்கைப் பேரிடர் அந்த விளக்கத்துலயே வருது. 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கற ஃபேக்டரில ஒரு வருஷம் முடிச்ச தொழிலாளிக்கு அந்த நாளுக்கு பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்ததுல பாதி குடுக்கணும். கேட் வரைக்கும் போய் ஆஜர் ஆகறவங்களுக்குத்தான் அது, அதனால அன்னிக்கு வர வேண்டாம்னு கம்பெனியே மெசேஜ் போட்டிருந்தா அழிச்சிடாதீங்க. கடைக்கு இந்த லே ஆஃப் பணம் கிடையாது, அதனால இதை உங்க எச்.ஆர்.கிட்ட சொல்லிடாதீங்க.

எப்படிக் கேக்கறது

நேர்ல போய் நிக்காதீங்க, அங்க ரெண்டு வார்த்தை முன்னப்பின்ன ஆனா அதுதான் பேச்சாகும். எச்.ஆருக்கு ஒரு மெயில் போடுங்க, சூப்பர்வைசருக்கு காப்பி, கோபமே இல்லாம. கிட்டத்தட்ட இப்படி:

“டிசம்பர் ஊதியச் சீட்டில் 3.5 நாள் பிடித்தம் செய்யப்பட்டுள்ளது. திங்கள், புதன் இரு நாட்களும் வீட்டைச் சுற்றி வெள்ளம் இருந்ததால் வர இயலவில்லை என்று அன்று காலையே தெரிவித்தேன் (படம் இணைப்பு). இவ்விரு நாட்களையும் என் தற்செயல் விடுப்பில் கழித்துக்கொள்ள வேண்டுகிறேன். செவ்வாய் என் வார விடுமுறை. வியாழன் பணிக்கு வந்து, நிர்வாகம் அனுப்பியதால் திரும்பினேன். இந்நாட்களுக்கான பிடித்தத்தையும், அபராதம் ரூ. 300ஐயும் திருத்தித் தரக் கேட்டுக்கொள்கிறேன்.”

சட்டப் பிரிவு எதுவும் முதல் மெயில்ல வேண்டாம். அதைப் பார்த்தாலே வக்கீல் வெச்சுட்டாங்கன்னு முறுக்கிப்பாங்க, பாதிக்கு மேல கேஸ் இந்த மெயில்லயே முடிஞ்சிடும், ஏன்னா தப்பு பெரும்பாலும் முதலாளியோடது இல்ல, சாஃப்ட்வேர்ல சாண்ட்விச் ரூலை ஆன் பண்ணி வெச்ச யாரோ ஒருத்தரோடது. ஒத்து வந்தா 2,423 முழுசா வரணும். சி.எல். மட்டும் முடியவே முடியாதுன்னு நின்னாங்கன்னா, அப்பவும் அதிகபட்சம் 1,400தான் அவங்க பிடிக்கலாம், 1,023 திரும்பி வரணும். அதுக்குக் கீழ இறங்காதீங்க.

பதினஞ்சு நாள் பார்த்துட்டு பதில் இல்லன்னா உங்க கடை இருக்கற ஏரியாவோட தொழிலாளர் உதவி ஆய்வாளர்கிட்ட ஒரு மனு, வக்கீல் தேவையில்ல. பணம் திரும்பக் கேக்கறதுக்கு இப்ப மூணு வருஷம் டைம் இருக்கு, முன்னாடி ஒரு வருஷம்தான் இருந்துச்சு. தப்பா பிடிச்சதோட சேர்த்து அதைப்போல பத்து மடங்கு வரைக்கும் நஷ்டஈடு போட அதிகாரிக்கு அதிகாரம் இருக்கு, போடுவாங்கன்னு நான் சொல்லல, ஆனா அந்த வரியைக் கேட்டா எதிர்ப்பக்கம் பேச்சு மாறுறதைப் பார்த்திருக்கேன்.

வேலை போயிடுமோன்னு பயப்படறீங்க. ஆறு மாசத்துக்கு மேல வேலை பார்த்தவங்களை நியாயமான காரணம் இல்லாம, ஒரு மாச நோட்டீஸோ அதுக்கான சம்பளமோ இல்லாம கடைகள் சட்டப்படி எடுக்க முடியாது, எடுத்தா மேல்முறையீடு இருக்கு. அதுக்காக ஷிஃப்டை மாத்தி, கவுன்டரை மாத்தி படுத்த மாட்டாங்கன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். உங்களை மாதிரி அந்த வாரம் பிடித்தம் ஆனவங்க இன்னும் நாலஞ்சு பேர் இருப்பாங்க, அவங்களும் தனித்தனியா இதே மாதிரி மெயில் போட்டா ஒருத்தர் மேல மட்டும் கண்ணு விழாது. ஒரே மெயில்ல அஞ்சு கையெழுத்து வேண்டாம்.

ஒரே ஒரு விஷயத்துல சீக்கிரம் பண்ணுங்க. சி.எல். அந்த வருஷத்தோட முடிஞ்சு போற லீவு. வருஷக் கணக்கை க்ளோஸ் பண்ணிட்டோம், உங்க அஞ்சு நாளும் லாப்ஸ் ஆயிடுச்சும்பாங்க, அப்படிச் சொன்னா நான் கேக்கறது இந்த வருஷத்து லீவு இல்ல, டிசம்பர்ல எடுத்த ரெண்டு நாளை டிசம்பர்ல இருந்த பாக்கில கழிங்கன்னு எழுத்துல பதில் குடுங்க. அதுக்கு முன்னாடி லீவு பேலன்ஸ் காட்டுற அந்த ஆப் ஸ்கிரீனை இன்னிக்கே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க.